முதல் 100 பேருக்கு மட்டும்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்கு ஒரு வலைத்தளமும் உண்டு. 2026 பொங்கலுக்கு முன்னால் முதலாளி ஒரு விளம்பரம் எழுதி, வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்: "POGI200 என்று போட்டால் 200 ரூபாய் தள்ளுபடி. 1500 ரூபாய்க்கு வாங்கினால் மட்டும். போகி வரை. முதல் 100 பேருக்கு. ஒருவருக்கு ஒருமுறை. வேறு சலுகையோடு சேராது. ரெண்டு நாள்ல போட்டுரு தம்பி."

பார்க்க அரை நாள் வேலை போலத்தான் இருக்கும். ஒரு பெட்டி, ஒரு பொத்தான், சரியான எழுத்துகளைத் தட்டினால் மொத்தத்தில் 200 ரூபாய் குறைய வேண்டும். தள்ளுபடியைக் கணக்கில் கழிப்பது உண்மையில் ஒரு வரி வேலைதான். மற்ற வேலை முழுவதும் எப்போது கழிக்கக் கூடாது என்பதில் இருக்கிறது. கடை மேசையில் நிற்கும் ஆள் முகத்தைப் பார்த்து, பில்லைப் பார்த்து, மனத்துக்குள் நூறு விஷயம் முடிவு செய்துவிடுவார். சர்வருக்கு அந்த நூறையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

தம்பி முதலில் கேட்க வேண்டிய கேள்வி மிக எளிது. "அண்ணே, போகி வரைன்னா போகி அன்னிக்கு உண்டா, இல்லையா?"

"அன்னிக்குத்தானப்பா கூட்டமே!"

அப்படியானால் ஜனவரி 14 முழு நாளும் குறியீடு செல்ல வேண்டும். ஆனால் பல மென்பொருள்களில் முடிவு தேதி என்ற கட்டத்தில் ஜனவரி 14 என்று கொடுத்தால், அந்த நாள் பிறக்கும்போதே குறியீடு செத்துவிடும். உலகம் முழுக்கச் சிறு கடைகள் பயன்படுத்தும் வூகாமர்ஸில் முடிவு தேதிக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, அந்தத் தேதியின் 00:00:00 மணிக்குக் கூப்பன் காலாவதியாகும் என்ற விளக்கம் இருக்கிறது. அதைப் படிக்காமல் 14 என்று போட்டவரின் கடையில் போகிக்கு முந்தின நள்ளிரவோடு சலுகை முடிந்துபோகும். அங்கே 15 என்று போடுவதே சரி.

அடுத்த சிக்கல் நேர மண்டலம். வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுபவை. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நள்ளிரவில் முடியும் என்று நினைத்து ஜனவரி 15, 00:00 என்று எழுதி, எந்த ஊர் நேரம் என்பதை எழுதாமல் விட்டால், சர்வர் அதை யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். மதுரையில் பொங்கலன்று காலை ஐந்தரை மணி வரை தள்ளுபடி நடந்துகொண்டிருக்கும். யாரும் புகார் செய்ய மாட்டார்கள், அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. எதிர்த்திசையில் தவறினால், போகி நாள் இருட்டிய கொஞ்ச நேரத்திலேயே, 14-ம் தேதி மாலை 6:30-க்குள் குறியீடு செத்துப்போய், தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரே பிழைதான், ஆனால் ஒரு பக்கம் போனால் சத்தம் கேட்கும், மறுபக்கம் போனால் கேட்காது. கேட்காத பக்கமே கடைக்கு ஆபத்து.

தீர்வு சின்னது. முடிவை ஒரு நாளாக வைக்காமல் ஒரு கணமாக வை, நேர மண்டலத்தையும் கூடவே எழுது: `2026-01-15 00:00:00+05:30`. சோதிக்கும்போது "இப்போதைய நேரம் இந்தக் கணத்துக்கு முன்பா?" என்று மட்டும் கேள். 14-ம் தேதி 23:59:59 என்று முடிவை எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் அந்த நாளின் கடைசி ஒரு விநாடி எந்தப் பக்கமும் சேராமல் தொங்கும். வாங்குபவரின் கைபேசிக் கடிகாரத்தைக் கேட்கவே கூடாது. அதைப் பின்னால் திருகி வைக்கப் பத்து விநாடி போதும்.

இனி "முதல் 100 பேருக்கு" என்பதற்கு வருவோம். இந்த வேலையில் நிரல் எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான்.

பெரும்பாலோர் முதலில் எழுதுவது இப்படி: டேட்டாபேஸிலிருந்து இதுவரை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று படி, 100-க்குக் கீழே இருந்தால் தள்ளுபடி கொடு, பிறகு எண்ணிக்கையை ஒன்று கூட்டி எழுது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதித்தால் இது அழகாக ஓடும். 100-வது ஆளுக்குக் கிடைக்கும், 101-வது ஆளுக்குக் கிடைக்காது. ஆனால் விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி, ஒரே நொடியில் ஐந்து பேர் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? எண்ணிக்கை 99 என்று ஐவருக்கும் பதில் போகும். ஐவருக்கும் தள்ளுபடி கிடைக்கும். பிறகு ஐந்து பேருமே தாங்கள் படித்த 99-ஐ ஒன்று கூட்டி 100 என்று எழுதுவார்கள். கொடுத்தது 104, பதிவில் இருப்பது 100. கணக்கைத் திறந்து பார்த்தாலும் தவறு தெரியாது என்பதுதான் இதில் விபரீதம். அலமாரியில் ஒரே ஒரு சேலை மிச்சமிருக்க, இரண்டு விற்பனையாளர்கள் ஒரே சமயத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு தொலைபேசியிலும் "இருக்குங்க, எடுத்து வைக்கிறேன்" என்று சொல்வது போன்றது இது. இருவரும் பொய் சொல்லவில்லை. பார்த்ததற்கும் எடுத்ததற்கும் நடுவே இடைவெளி இருந்தது, அவ்வளவுதான்.

இது புத்தகத்தில் மட்டும் வரும் பயம் அல்ல. 2015-ல் ஈகோர் ஹோமகோவ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் பரிசு அட்டைகளில் இதே ஓட்டையைக் காட்டினார். ஓர் அட்டையில் இருந்த 5 டாலரை இன்னொரு அட்டைக்கு மாற்றும் கோரிக்கையை அவர் ஒரே நேரத்தில் இரண்டு முறை அனுப்பினார். பல முறை முயன்றபின் இரண்டும் நிறைவேறின. 5 டாலர் ஒருமுறை மட்டும் கழிந்து, இருமுறை சேர்ந்தது. அங்கேயும் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு எழுதும் அதே இரண்டு படிதான் காரணம்.

எனவே பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே வேலையாக்க வேண்டும். டேட்டாபேஸுக்கு ஒரே ஒரு கட்டளை:

```sql
UPDATE coupons
SET used = used + 1
WHERE code = 'POGI200'
  AND used < max_uses
  AND now() < ends_at;
```

இதில் "எத்தனை ஆனது?" என்று தனியாகக் கேட்கவே இல்லை. "100-க்குக் குறைவாக இருந்தால், காலமும் இருந்தால், ஒன்று கூட்டு" என்று சொல்கிறோம். போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸ் ஒரே வரியை ஒரே சமயத்தில் இருவர் மாற்ற விடாது. இரண்டாவது கோரிக்கை வாசலில் நிற்கும். முதலாவது முடிந்ததும், மாறிய எண்ணை வைத்து நிபந்தனையை மறுபடியும் பார்க்கும். கட்டளை முடிந்ததும் எத்தனை வரி மாறியது என்று டேட்டாபேஸ் சொல்லும். ஒன்று என்றால் கிடைத்தது. பூஜ்யம் என்றால் இல்லை. இடைவெளி போய்விட்டது.

ஒரே வரிக்கு எல்லோரும் வரிசையில் நின்றால் தாமதமாகாதா என்று கேட்கலாம். லட்சக்கணக்கானோர் ஒரே நொடியில் பாயும் பெரிய விற்பனைகளில் ஆகும். அதற்கு அவர்கள் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நூறு பேருக்குக் கொடுக்கும் சேலைக் கடைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

சரி, இந்தக் கட்டளையை எந்தக் கணத்தில் ஓட்டுவது? குறியீட்டைத் தட்டியதுமே ஓட்டினால், கார்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போனவர்களே நூறு இடத்தையும் தின்றுவிடுவார்கள். பணம் வந்தபின் ஓட்டினால், 1600 ரூபாய் என்று காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டபின் "மன்னிக்கவும், தீர்ந்துவிட்டது, இன்னும் 200 கொடுங்கள்" என்று சொல்ல நேரும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. குறியீட்டைத் தட்டும்போது சும்மா பார்த்து, குறைந்த விலையைக் காட்டு. "பணம் செலுத்து" பொத்தானை அழுத்தும்போது ஓர் இடத்தைப் பிடித்துவை. பதினைந்து நிமிடத்துக்குள் பணம் வந்தால் உறுதி செய். வராவிட்டால் இடத்தைத் திருப்பிப் போடு.

பிடித்துவைப்பது என்றால், மேலே உள்ள கட்டளையால் எண்ணிக்கையைக் கூட்டி, அதே மூச்சில் இன்னொரு அட்டவணையில் "இந்த ஆர்டர், இந்த ஆள், இந்தக் குறியீடு, நிலை: held" என்று ஒரு வரி எழுதுவது. இரண்டும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். ஒன்று தோற்றால் மற்றதும் நடக்காதது போல ஆகிவிட வேண்டும். காலக்கெடு தாண்டியவற்றை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு நிரல் தேடி, நிலையை `released` என்று மாற்றி எண்ணிக்கையில் ஒன்று குறைக்கும். இங்கேயும் பழைய பொறி காத்திருக்கிறது. அந்த நிரல் தவறுதலாக இரண்டு இடத்தில் ஓடினால் ஒரே இடத்தை இருமுறை திருப்பிப் போட்டுவிடும். அதனால் "நிலை இன்னும் `held` ஆக இருந்தால் மட்டும் மாற்று, உண்மையில் மாறியிருந்தால் மட்டும் எண்ணிக்கையைக் குறை" என்று எழுத வேண்டும்.

காலாவதியும் இந்த இடத்தில் தெளிவாகிவிடுகிறது. போகி இரவு 11:58-க்குப் பொத்தானை அழுத்தியவர், யுபிஐ செயலியைத் திறந்து ரகசிய எண்ணைத் தேடி, 12:03-க்குப் பணம் செலுத்துகிறார். அவருக்குத் தள்ளுபடி உண்டா? இடம் பிடித்த கணமே கணக்கு என்று வைத்தால் உண்டு. வேறெப்படி வைத்தாலும் திரையில் பார்த்த விலையும் வங்கியில் போன பணமும் பொருந்தாமல் போகும்.

ஒரு தொல்லை மட்டும் மிச்சமிருக்கும். யுபிஐ சில நேரம் "நிலுவையில்" என்று தொங்கும். பதினைந்து நிமிடம் கழிந்து இடத்தைத் திருப்பிப் போட்டு, அதை வேறொருவர் எடுத்துக்கொண்டபின், இருபதாவது நிமிடத்தில் முதல்வரின் பணம் வந்து சேரும். இப்போது கணக்கில் 101 பேர். என் கட்சி இதுதான்: அந்த 101-வது ஆளுக்கும் கொடுத்துவிட வேண்டும். விலையைக் காட்டியதும் பணம் வாங்கியதும் கடைதான். 200 ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு வாடிக்கையாளரிடம் வாக்குவாதம் செய்வது கடைக்காரத்தனம் ஆகாது. ஆனால் அது தெரியாமல் நடக்கக் கூடாது. "காலம் கடந்து உறுதியானது" என்று தனியாகக் குறித்துவைத்தால், 101 வந்தது நிரலின் பிழையாலா, இந்த வழியாகவா என்பது பிறகு தெரியும்.

பணம் வந்த செய்தியே இரண்டு முறை வருவதும் உண்டு. பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்களின் சர்வர்கள், தங்கள் செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி அனுப்பும். அவர்கள் கையேட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். ஆர்டர் எண்ணை வைத்து "இதை ஏற்கெனவே உறுதி செய்தாயிற்றா?" என்று பார்க்காத கடை, ஒரே ஆர்டருக்கு இரண்டு இடங்களைக் கழித்துக்கொள்ளும்.

"ஒருவருக்கு ஒருமுறை" என்பதில் எண்ணுவது எளிது. இடம் பிடிக்கும் அட்டவணையில் `UNIQUE (coupon_id, customer_id)` என்று ஒரு கட்டுப்பாடு போட்டால், ஒரே ஆள் இரண்டு கைபேசியிலிருந்து ஒரே நொடியில் அழுத்தினாலும் இரண்டாவது வரி உள்ளே போகாது. திருப்பிப் போட்ட வரிகளை மட்டும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் செலுத்தத் தவறியவர் மறுபடி முயலவே முடியாது. கடினமானது "ஒருவர்" யார் என்று சொல்வது. மின்னஞ்சலை வைத்துச் சொல்ல முடியாது. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே எத்தனை புள்ளி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் போகும், ஆனால் கடையின் டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு ஆள். ஓடிபி வைத்து உறுதிசெய்த கைபேசி எண் நம் ஊருக்குத் தோதான அடையாளம். அதையும் `+91` உடன், முன்னால் பூஜ்யம் இல்லாமல், ஒரே வடிவத்தில் மாற்றிச் சேமிக்க வேண்டும். வீட்டு முகவரியை வைத்துத் தடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கூட்டுக் குடும்பத்தில் அக்காவும் தம்பி மனைவியும் தனித்தனியாக வாங்கினால் இரண்டாமவரைத் திருடியாக்கிவிடும் யோசனை அது. நான்கு சிம் வைத்திருப்பவர் நான்கு முறை வாங்கத்தான் செய்வார். மொத்தம் 100 என்ற உச்சவரம்பு இருப்பதே அந்த நஷ்டத்துக்கு அணை.

கடைசியாக, "வேறு சலுகையோடு சேராது." விளம்பரங்களில் மிகச் சிறிய எழுத்தில் வரும் இந்த வரிதான் முதலாளிக்கும் தம்பிக்கும் நடுவே நீண்ட பேச்சைக் கிளப்பும்.

முதலில், இரண்டு குறியீடுகளை ஒரே ஆர்டரில் போடுவது. இதைத் தடுப்பது சுலபம். ஆர்டருக்கு ஒரு குறியீட்டுக்கு மேல் ஏற்காதே என்றால் முடிந்தது. ஆனால் கடையில் ஏற்கெனவே விலை குறைத்து மாட்டியிருக்கும் சேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் குறியீடும் கிடையாது, ஆனால் அதுவும் சலுகைதான். வூகாமர்ஸில் `Individual use only` என்ற பெட்டியை டிக் செய்துவிட்டு எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டி மற்ற கூப்பன்களோடு சேருவதை மட்டும்தான் தடுக்கும். விலை குறைத்த பொருளைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. அதற்கு `Exclude sale items` என்று தனியாக இன்னொரு பெட்டி இருக்கிறது. ஷாப்பிஃபை வேறு வழியில் போகிறது. பொருளுக்கான தள்ளுபடி, முழு ஆர்டருக்கான தள்ளுபடி, அனுப்பும் கட்டணத்துக்கான தள்ளுபடி என்று வகை பிரித்து, எந்த வகையோடு எது சேரலாம் என்பதைக் கடைக்காரரே தேர்ந்தெடுக்க வைக்கிறது. தேர்ந்தெடுக்காவிட்டால் சேராது. சும்மா விட்டால் மறுக்கும் இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும். மறதியால் பணம் போவதைவிட மறதியால் ஒரு புகார் வருவது மேல்.

ஓர் ஆர்டரை எடுத்துப் பார்ப்போம். 1200 ரூபாய்ச் சேலை ஒன்று, குறைந்த விலை 900. முழு விலையில் 900 ரூபாய்க்கு இன்னொன்று. மொத்தம் 1800, ஆகவே 1500 வரம்பைத் தாண்டுகிறது. POGI200 தட்டப்படுகிறது. ஒன்றும் தடுக்காவிட்டால் 1600. முதல் சேலைக்கு 300 கழிந்ததோடு, அதன் மேலேயே 200-ல் ஒரு பங்கும் கழிந்திருக்கும். முதலாளி வேண்டாம் என்று சொன்னது இதைத்தான்.

ஒரு வழி, இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வாங்குபவருக்கு நல்லதைக் கொடுப்பது. விலைக் குறைப்பு மட்டும் என்றால் 1800. அதை நீக்கி, பழைய விலையான 2100-ல் குறியீட்டை மட்டும் கழித்தால் 1900. ஆகவே 1800-தான் அவருக்கு லாபம். குறியீடு எதையும் சேர்க்கவில்லை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் குறியீட்டைப் போட்டதும் ஒரு சேலையின் விலை திரையில் ஏறுவது சில ஆர்டர்களில் நடக்கும், கூட்டுத்தொகை குறைந்தாலும் அந்த ஒரு எண்ணைப் பார்த்து மனிதர்கள் மிரள்வார்கள். சலுகைகள் மூன்று நான்கு ஆனால் எந்தச் சேர்க்கை நல்லது என்ற கணக்கும் பெருகிக்கொண்டே போகும்.

சின்னக் கடைக்கு நான் சொல்வது இன்னும் எளிய விதி: ஒரு பொருளுக்கு ஒரு கழிவுதான். ஏற்கெனவே விலை குறைந்த பொருளைக் குறியீடு தொடாது, 1500 வரம்பைக் கணக்கிடும்போதும் அதைச் சேர்க்காது. மேலே உள்ள ஆர்டரில் குறியீட்டுக்குத் தகுதியானது 900 மட்டும், ஆகவே செல்லாது. அந்த இரண்டாவது சேலை 1600 ரூபாயாக இருந்திருந்தால் அது 1400 ஆகும். முதலாவது 900 அப்படியே நிற்க, மொத்தம் 2300. இதை மேசையில் நிற்கும் ஆளும் ஒரே மூச்சில் விளக்கிவிடலாம்.

சேர அனுமதிக்க நினைக்கும் கடைக்காரருக்கும் ஒரு வேலை உண்டு: எதை முதலில் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 2100 ரூபாயில் 10 சதவீதத்தை முதலில் கழித்து, பிறகு 200 கழித்தால் 1690. முதலில் 200, பிறகு 10 சதவீதம் என்றால் 1710. 20 ரூபாய் வித்தியாசம். வரிசையை எழுதிவைக்காத நிரலில், வாங்குபவர் எந்தக் குறியீட்டை முதலில் தட்டினார் என்பதைப் பொறுத்து விலை மாறும். அதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார்.

பரிசுச் சீட்டு இந்தப் பட்டியலில் வராது. யாரோ ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய சீட்டு அது. கடைக்குப் பணம் வந்தாயிற்று. அதைச் சலுகை என்று நினைத்துக் குறியீட்டோடு சேராது என்று மறுத்தால் நியாயமில்லை. எல்லாத் தள்ளுபடியும் முடிந்தபின், ரொக்கம் போல, கடைசியில் கழிக்க வேண்டியது அது.

இந்தக் கணக்கு எல்லாமே சர்வரில் நடக்க வேண்டும். அதுவும் ஒருமுறை போதாது. 1600 ரூபாய்க்குச் சேர்த்து, குறியீட்டைப் போட்டு, பிறகு ஒரு சேலையை நீக்கி 700 ஆக்கினால், பழைய தள்ளுபடி ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கார்ட் மாறும் ஒவ்வொரு முறையும், இடம் பிடிக்கும் கணத்திலும், முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். திரையிலிருந்து வரும் மொத்தத்தொகையை நம்பி வங்கிக்கு அனுப்பும் வலைத்தளத்தில் 1 ரூபாய்க்குச் சேலை வாங்க ஆள் வருவார்கள்.

தள்ளுபடி கழிந்தபின்னும் கதை முடியாது, சேலை திரும்பி வரும். அதற்குத் தயாராக, 200 ரூபாயை ஆர்டரின் அடியில் ஒரே எண்ணாக வைக்காமல் பொருள்வாரியாகப் பிரித்து எழுத வேண்டும். பில்லுக்கும் அது தேவை. 2017-ன் மத்திய ஜிஎஸ்டி சட்டம், 15(3) பிரிவில், விற்கும்போதே கொடுத்துப் பில்லில் காட்டிய தள்ளுபடியை வரி விதிக்கும் மதிப்பிலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. ஒரே பில்லில் வெவ்வேறு வரி விகிதப் பொருள்கள் இருந்தால், எதில் எவ்வளவு கழிந்தது என்று தெரியாமல் வரி போட முடியாது.

பிரிக்கும்போது ஒரு பைசா தொலையும். 999, 499, 499 ரூபாய்க்கு மூன்று துணிகள், மொத்தம் 1997. 200 ரூபாயை விலை விகிதத்தில் பிரித்துப் பைசாவுக்கு முழுமையாக்கினால் 100.05, 49.97, 49.97. கூட்டிப் பாருங்கள், 199.99 வருகிறது. பில்லின் மேலே 200, கீழே ஒரு பைசா குறைவு. மாதக் கடைசியில் கணக்கர் இந்த ஒரு பைசாவைத் தேடிப் பாதி நாளைக் கழிப்பார். எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வைத்து, எல்லோருக்கும் கீழ்ப்பக்கமாக முழுமையாக்கிப் பிரித்து, மிஞ்சும் பைசாவை அதிகப் பின்னம் இழந்த பொருளுக்குச் சேர்த்தால் எப்போதும் 200 வரும்.

திரும்பி வருவதற்கு ஒரு கணக்கு. 1200-க்கும் 800-க்கும் இரண்டு சேலை வாங்கி, குறியீட்டோடு 1800 கட்டியவர், 800 ரூபாய்ச் சேலையைத் திருப்புகிறார். அதன் பங்குக்கு 80 ரூபாய் தள்ளுபடி கிடைத்திருந்தது, எனவே 720 தரலாம். ஆனால் அவர் கையில் மிஞ்சியது 1200 ரூபாய்ச் சேலை. 1500 வரம்பை அவர் தாண்டவே இல்லை. கண்டிப்பான கடை 1800-ல் 1200 போக 600 மட்டும் தரும். இரண்டும் நடப்பில் உள்ளவைதான். நான் 720 பக்கம். வரம்பைத் தொடுவதற்காகவே வாங்கித் திருப்புகிறவர்கள் சிலர் இருக்கலாம். அவர்களைத் தடுக்க, நிறம் பிடிக்காமல் திருப்பிய எல்லோரையும் 120 ரூபாய் தண்டிக்க வேண்டாம். 600-தான் என்றால் அதை வாங்கும் முன்பே திரையில் சொல்லிவிட வேண்டும்.

முழு ஆர்டரும் ரத்தானால் பிடித்த இடம் திரும்ப வருமா என்பது ரத்து செய்தவரைப் பொறுத்தது. வாங்கியவரே ரத்து செய்தால் வேண்டாம். கடையில் சரக்கு இல்லாமல் ரத்தானால், போகி முடிந்திருந்தாலும், நூறு ஆகியிருந்தாலும், அவருக்கு மட்டும் செல்லும் ஒரு புதுக் குறியீட்டைக் கொடுப்பது கடையின் கடமை. அதற்காக அனைவருக்குமான POGI200-ன் முடிவு நாளைக் கையால் நீட்டிவிட்டு, மறந்துபோகிறவர்கள் உண்டு. அடுத்த பொங்கலிலும் அது செல்லும்.

எழுதி முடித்ததும் தம்பி செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. வரம்பை 10 ஆக வைத்து, 200 வெவ்வேறு வாடிக்கையாளர் பெயரில் 200 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் ஒரு சிறு நிரலை எழுத வேண்டும். பத்து பேருக்குக் கிடைத்து 190 பேருக்கு மறுப்புப் போனால் சரி. பதினொன்று வந்தால், எங்கோ இன்னும் பார்த்துவிட்டுப் பிறகு எழுதும் பழைய வழி ஒளிந்திருக்கிறது. கடை ஓட ஆரம்பித்தபின், தினமும் ஒருமுறை `used` எண்ணையும், அட்டவணையில் நிலுவையிலும் உறுதியாகவும் உள்ள வரிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் பொருந்தாத நாளில்தான் தேட வேண்டும்.

மறுப்புப் போகும் அந்த 190 பேருக்கு என்ன வாசகம் காட்டுவது என்பதை முதலாளியே எழுதட்டும். "குறியீடு செல்லாது" என்று மட்டும் காட்டினால் அத்தனை பேரும் கடைக்குத் தொலைபேசி செய்வார்கள். "100 பேருக்கும் கொடுத்து முடிந்தது", "போகியோடு முடிந்தது", "இன்னும் 600 ரூபாய்க்கு வாங்கினால் செல்லும்", "இந்தச் சேலைக்கு ஏற்கெனவே 300 ரூபாய் குறைத்திருக்கிறோம்" என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வாசகம் வேண்டும். அந்த 600 ரூபாய் வாசகத்தைப் பார்த்து இன்னொரு சேலையைச் சேர்ப்பவர்களும் இருப்பார்கள், முதலாளி இந்தச் சலுகையைப் போட்டதே அவர்களுக்காகத்தான்.